மக்கள்தொகையைவிட வாக்காளர் அதிகமா? ஒரு வார்டு கடிதத்தைப் படிக்கும் விதம்

தமிழ்நாட்டில் சொந்தக்காரர் ஒருவர் கவுன்சிலராகிவிட்டால், மாலை போட்ட படத்துக்குப் பின்னாலேயே இன்னொரு படமும் சிங்கப்பூர்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். அது வார்டு அலுவலர் அவருக்கு அனுப்பிய ஒரு பக்கக் கடிதம். வார்டின் நான்கு எல்லை, மக்கள்தொகை, வாக்காளர் எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்கும். படித்தவர்களில் யாராவது ஒருவர் கேட்பார்: "மக்கள்தொகையைவிட வாக்காளர் அதிகமா இருக்காங்களே, அதெப்படி? கள்ள ஓட்டா?"

பெரும்பாலும் காரணம் அதுவல்ல. அந்தக் கடிதத்தில் உள்ள எண்களை எடுத்தவர்கள் வேறு வேறு ஆட்கள். எடுத்த ஆண்டும் வேறு, எண்ணிய முறையும் வேறு. அவை ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் ஒன்றையொன்று ஒத்துப்போக வேண்டும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

## கடிதம் எப்படி இருக்கும்

விளக்குவதற்காக ஒரு கற்பனை வார்டை எடுத்துக்கொள்வோம். ஒரு மாநகராட்சியின் 37ஆவது வார்டு, 2022ஆம் ஆண்டுக் கடிதம். எண்கள் இந்தக் கட்டுரைக்காக வைத்துக்கொண்டவை. ஆனால் கடிதத்தின் அமைப்பு இப்படித்தான் இருக்கும்:

1. வடக்கு எல்லை: ரயில் பாதை. கிழக்கு எல்லை: மழைநீர்க் கால்வாய். தெற்கு எல்லை: பஜார் ரோட்டின் மையக் கோடு. மேற்கு எல்லை: பக்கத்து கிராமத்தின் பழைய எல்லை, சர்வே எண்களுடன்.
2. மக்கள்தொகை (2011): 14,200.
3. மொத்த வாக்காளர்: 15,340. ஆண் 7,480, பெண் 7,858, மூன்றாம் பாலினத்தவர் 2.
4. வாக்குச்சாவடிகள்: 13.

கையெழுத்துப் போடுபவரின் பதவிப் பெயர் ஊருக்கு ஊர் மாறும். சில இடங்களில் வார்டு அலுவலர், சில இடங்களில் உதவிப் பொறியாளர், பெரிய மாநகராட்சிகளில் மண்டல அலுவலர். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளலாம். இந்த எண்களில் எதையும் அந்த அலுவலர் தாமாக எண்ணி எழுதவில்லை. வேறு துறைகள் தந்ததை எடுத்துத் தொகுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

## எந்த வார்டு?

எல்லைக்குப் போவதற்கு முன்னால் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். தமிழ்நாட்டு நகரங்களில் 'வார்டு' என்ற ஒரே சொல் குறைந்தது மூன்று வேறு பொருள்களைக் குறிக்கிறது.

1. தேர்தல் வார்டு. கவுன்சிலரைத் தேர்ந்தெடுப்பது இதிலிருந்துதான். மறுவரையறை ஆணையம் வகுத்து அரசிதழில் வெளியிடுவது. சென்னை மாநகராட்சியில் இப்படி 200 வார்டுகள்.
2. வருவாய் வார்டு. நகர நில அளவைப் பதிவேட்டில் வருவது. வார்டு, பிளாக், டி.எஸ். எண் என்று வரிசையாக எழுதியிருக்கும். பட்டாவில் பார்ப்பது இதைத்தான். கவுன்சிலருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.
3. கணக்கெடுப்பு வார்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தபோது நடைமுறையில் இருந்த வார்டு. அதற்குப் பிறகு எல்லை மாறியிருந்தாலும் கணக்கெடுப்பு அட்டவணையில் பழையதுதான் நிற்கும்.

ஊரில் மனை வைத்திருக்கும் சிங்கப்பூர்க்காரர்கள் மாட்டிக்கொள்வது முதல் இரண்டுக்கும் இடையில்தான். பட்டாவில் உள்ள வார்டைப் பார்த்துவிட்டு அந்த எண்ணுள்ள கவுன்சிலரிடம் போய்த் தண்ணீர்க் குழாய் கேட்டால், "உங்க வீடு என் வார்டுலயே இல்லைங்களே" என்று பதில் வரும். அவர் தட்டிக்கழிக்கவில்லை, நிஜமாகவே இருக்காது.

## எல்லையை எப்படிப் படிப்பது

எல்லை விவரம் ஒரு படத்தை வார்த்தையில் எழுதியதைப் போன்றது. கண்ணுக்குத் தெரியும் பொருள்களை, அதாவது ரயில் பாதை, ஆறு, கால்வாய், பெரிய சாலை ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டு வார்டைச் சுற்றி வருவார்கள். அப்படி எதுவும் கிடைக்காத இடத்தில் சர்வே எண்ணைப் பிடிப்பார்கள்.

நம் 37ஆவது வார்டில் வடக்கும் கிழக்கும் தொல்லை தராது. ரயில் பாதை நகராது. தெற்கு எல்லைதான் கவனிக்க வேண்டியது. 'பஜார் ரோட்டின் மையக் கோடு' என்றால் அந்தச் சாலையின் வடக்குப் பக்கக் கடைகள் இந்த வார்டு, எதிர்ப்பக்கக் கடைகள் அடுத்த வார்டு. சாலை இரண்டுக்கும் பொது. பஜார் ரோட்டில் தெருவிளக்கு எரியவில்லை என்றால் இரு கவுன்சிலரும் ஒருவரையொருவர் கைகாட்டுவதற்கு வாய்ப்பு எழுத்திலேயே இருக்கிறது. சாக்கடை இன்னும் மோசம். தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போகும், மையக் கோட்டைப் பார்த்துப் போகாது.

மேற்கு எல்லையில் வேறு விதமான சிக்கல். எல்லையை எழுதியபோது வயலாக இருந்த சர்வே எண்ணில் இப்போது மனைப்பிரிவு போட்டு, நாலு தெரு வந்திருக்கும். ஒரே தெருவின் முன்பாதி ஒரு வார்டிலும் பின்பாதி இன்னொரு வார்டிலும் விழுந்துவிடும். தெருப் பெயரை மாற்றியிருந்தால் குழப்பம் கூடும்.

ஆகவே புதிய கவுன்சிலர் அலுவலரிடம் கேட்டு வாங்க வேண்டியது தெருப் பட்டியல். எந்தத் தெரு முழுதாக உள்ளே, எந்தத் தெரு பாதி, பாதி என்றால் எந்தக் கதவிலக்கம் வரை என்று அதில் இருக்க வேண்டும். நாலு எல்லை மட்டும் உள்ள கடிதத்தை வைத்துக்கொண்டு மேற்கு மூலையில் யாராலும் வேலை பார்க்க முடியாது.

## மக்கள்தொகை: 2011இல் நின்றுபோன எண்

அடைப்புக்குள் சின்னதாக எழுதியிருக்கும் '2011' என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. இந்தியாவில் கடைசியாக நடந்து முடிந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அது. பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடு வீடாக எண்ணி, மார்ச் 1ஆம் தேதி தொடங்கிய நொடியின் நிலவரமாக அதை அறிவித்தார்கள். 2021இல் நடக்க வேண்டிய அடுத்த கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனது. அதனால் 2022இல் எழுதிய கடிதத்திலும் அரசின் அதிகாரபூர்வ எண் 2011 எண்தான். அலுவலரால் வேறு எதையும் எழுத முடியாது.

அந்த எண்ணை எடுத்த விதத்தையும் பார்க்க வேண்டும். கணக்கெடுப்பில் குடியுரிமை கேட்டு ஒதுக்குவதில்லை, வயதுக் கட்டுப்பாடும் இல்லை. எண்ணும் நாள்களில் அந்த வீட்டில் வாழ்பவர் கணக்கில் வருவார். அந்த நாள்கள் முழுக்க வெளிநாட்டில் இருப்பவர் வர மாட்டார். கைக்குழந்தை வரும். வேறு மாவட்டத்திலிருந்து வந்து வாடகைக்கு இருப்பவரும் வருவார்.

இதில் இன்னொரு சிறு ஓட்டையும் உண்டு. கணக்கெடுப்பாளருக்குத் தரப்படும் பகுதியை கணக்கெடுப்புப் பிளாக் என்பார்கள். அப்படிப் பல பிளாக்குகளைக் கூட்டித்தான் ஒரு வார்டின் மக்கள்தொகை வரும். 2011க்குப் பிறகு வார்டு எல்லையை மாற்றிப் போட்டபோது புதுக் கோடு சில பிளாக்குகளின் நடுவே போயிருக்கும். அந்த இடங்களில் எத்தனை பேர் இந்தப் பக்கம், எத்தனை பேர் அந்தப் பக்கம் என்பதைப் பங்கு பிரித்துத்தான் போட்டிருப்பார்கள். ஆகவே 14,200 என்பதில் கடைசி இலக்கங்களை ரொம்ப நம்ப வேண்டாம்.

## வாக்காளர்: இது வேறு கணக்கு

வாக்காளர் எண்ணிக்கை 2022ஆம் ஆண்டுப் பட்டியலிலிருந்து வருகிறது. தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தலுக்கென்று தனியாக வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எடுப்பதில்லை. இந்தியத் தேர்தல் ஆணையத்தின் சட்டமன்றத் தொகுதிப் பட்டியலை மாநிலத் தேர்தல் ஆணையம் வாங்கி, தெரு வாரியாகப் பிரித்து வார்டுகளுக்கு அடுக்குகிறது. சட்டமன்றப் பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு வார்டு பட்டியலிலும் பெயர் இருக்காது. அடுக்கும்போது ஒரு தெரு தவறி அடுத்த வார்டுக்குப் போய்விட்டால், வாக்குப்பதிவு நாளில் "அட்டை இருக்கு, பேர் இல்ல" என்ற சண்டை வரும்.

முதல் பார்வையில் 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் மட்டும் உள்ள பட்டியல் மொத்த மக்கள்தொகையைவிடச் சிறியதாகத்தான் இருக்க வேண்டும். இன்றைய தமிழ்நாட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் 37ஆவது வார்டில் 108 சதவீதம் வருகிறது. சென்னை முழுவதையும் எடுத்தாலே விஷயம் தெரியும். விரிவாக்கப்பட்ட மாநகராட்சிப் பகுதியின் 2011 மக்கள்தொகை சுமார் 67 லட்சம். 2022 மாநகராட்சித் தேர்தலில் வாக்காளர்கள் சுமார் 61 லட்சம். குழந்தை குட்டியோடு சேர்த்து 67, பெரியவர்கள் மட்டும் 61! பதினோரு ஆண்டு இடைவெளியைக் கழித்துவிட்டுப் பார்த்தால் நம்பவே முடியாத விகிதம். புறநகர் வார்டுகளில் அந்த ஆண்டுகளில் அடுக்குமாடிகள் எழும்பியதால் விகிதம் 100ஐயும் தாண்டக்கூடும்.

ஆனால் ஆண்டு இடைவெளி மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. ஒரே ஒரு வீட்டை எடுத்துப் பார்ப்போம். கீழ்த்தளத்தில் அப்பாவும் அம்மாவும். மகன் சிங்கப்பூரில் வேலை. மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூரில். மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம், கணவன் மனைவி இரண்டு குழந்தைகள், சொந்த ஊர் தென்காசி.

1. கணக்கெடுப்பாளர் வந்தால் இந்த வீட்டில் ஆறு பேர்: கீழே இருவர், மேலே நால்வர்.
2. வாக்காளர் பட்டியலில் இந்த வீட்டுக்கு நான்கு பேர்: அப்பா, அம்மா, அப்புறம் யாரும் நீக்காததால் அப்படியே நிற்கும் மகனும் மகளும்.
3. இரண்டு கணக்கிலும் வருபவர்கள் இருவர் மட்டுமே. மாடியில் இருப்பவர்களின் ஓட்டு தென்காசியில் இருக்கிறது.

இருந்தும் இல்லாத பெயர்கள் பட்டியலை ஏற்றுகின்றன. வாழ்ந்தும் பதியாத ஆள்கள் அதை இறக்குகிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிட்டால் விகிதம் பார்க்க ஒழுங்காகவே இருக்கும். பட்டியல் சுத்தம் என்பதற்கு அது சாட்சி ஆகாது.

## சிங்கப்பூரில் ஏன் இப்படி வருவதில்லை

இங்கே தேர்தல் பட்டியல் அடையாள அட்டையின் முகவரியோடு கட்டப்பட்டது. வீடு மாறினால் 28 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அதைச் செய்துவிட்டால் அடுத்த முறை பட்டியலைத் திருத்தும்போது பெயர் தானாகப் புதுத் தொகுதிக்குப் போய்விடும். 2025 பொதுத் தேர்தலுக்கு அந்த ஆண்டு பிப்ரவரி 1ஆம் தேதி இருந்த முகவரியை எடுத்துக்கொண்டார்கள். இந்தியாவிலோ பெயரை நகர்த்துவது வாக்காளரின் பொறுப்பு. முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8, நீக்கத்துக்குப் படிவம் 7. ஊரைவிட்டுப் போகிறவர் எத்தனை பேர் படிவம் நிரப்பிவிட்டுப் போகிறார்கள்?

விகிதமும் இங்கே தலைகீழ். 2024 நடுவில் சிங்கப்பூரின் மொத்த மக்கள்தொகை 6.04 மில்லியன். 2025இல் வாக்காளர்கள் சுமார் 2.76 மில்லியன், அதாவது பாதிக்கும் குறைவு. மொத்தத்தில் 1.86 மில்லியன் பேர் வேலை அனுமதி, மாணவர் அனுமதி போன்றவற்றில் இருக்கும் வெளிநாட்டவர், இன்னும் 0.54 மில்லியன் பேர் நிரந்தரவாசிகள். வாக்குரிமை குடிமக்களுக்கு மட்டும், அதுவும் 21 வயதிலிருந்து.

ஒரு வார்டு அலுவலர் எழுதும் கடிதத்தை அப்படியே இங்கே எழுதவும் முடியாது. நகர மன்றத்தை நடத்துவது நாடாளுமன்ற உறுப்பினர்களே. வார்டுக்கென்று தனியாகத் தேர்ந்தெடுக்கப்படும் கவுன்சிலர் கிடையாது. பேச்சுவழக்கில் 'வார்டு' என்பது தனித்தொகுதியையோ குழுத்தொகுதியின் ஒரு பிரிவையோ குறிக்கும். அப்புறம், மக்கள்தொகைப் புள்ளிவிவரம் திட்டமிடல் வட்டாரப்படி வெளியாகிறது, தேர்தல் எல்லைப்படி அல்ல. உட்லண்ட்ஸ் என்பது ஒரு திட்டமிடல் வட்டாரம். ஆனால் அதன் வீடுகள் செம்பவாங் குழுத்தொகுதி, மார்சிலிங்–இயூ டீ குழுத்தொகுதி, 2025இல் புதிதாக வந்த செம்பவாங் வெஸ்ட் தனித்தொகுதி என்று பிரிந்துகிடக்கின்றன. 'உட்லண்ட்ஸ் மக்கள்தொகை' என்று யாராவது சொன்னால் அது எந்த நாடாளுமன்ற உறுப்பினரின் எண்ணும் அல்ல.

## சரி, உண்மையில் எத்தனை பேர்?

37ஆவது வார்டுக்குத் திரும்புவோம். ஒரு நல்ல கவுன்சிலர் மூன்று வழிகளில் கணக்குப் போட்டு, அவை எங்கே சந்திக்கின்றன என்று பார்ப்பார்.

1. பட்டியலை நம்பினால்: 15,340 வாக்காளர் முக்கால் பங்கு என்றால் முழுதும் சுமார் 20,450.
2. பட்டியலில் பத்தில் ஒன்று இல்லாத பெயர் என்றால்: மீதி 13,806. அதை முக்கால் பங்காக வைத்தால் சுமார் 18,400. பத்தில் ஒன்று என்பது இங்கே ஓர் ஊகம்தான். சரியான அளவு வேண்டுமானால் ஒரு வாக்குச்சாவடிக்கு உரிய பட்டியலை எடுத்து நாலு தெரு நடந்து, இல்லாத பெயர்களை எண்ண வேண்டும்.
3. வீட்டுக் கணக்கு: மாநகராட்சியின் சொத்துவரிப் பதிவேட்டில் குடியிருப்புகள் 5,300 என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்குச் சராசரி 3.6 பேர் என்றால் 19,080.

மூன்றும் 18,400க்கும் 20,450க்கும் இடையில் விழுகின்றன. 19,000 என்று எடுத்துக்கொள்வது நியாயம். இதில் நான் அதிகம் நம்புவது மூன்றாவது வழியைத்தான். வரி ரசீது செத்தவர் பெயரில் இருந்தாலும் வீடு இருப்பது உண்மை. பூட்டிக் கிடக்கும் வீடுகளும், ஒரே ரசீதில் நாலு குடித்தனம் ஓடும் வீடுகளும் அதன் குறைகள்.

## எந்த எண்ணை எங்கே வைப்பது

தண்ணீரை எடுத்துக்கொண்டால் வித்தியாசம் சட்டென்று தெரியும். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது இந்தியாவில் திட்டமிடுபவர்கள் எடுத்துக்கொள்ளும் அளவு. 2011 எண்ணை வைத்தால் 37ஆவது வார்டுக்குத் தேவை 19,17,000 லிட்டர். 19,000 பேருக்கு என்றால் 25,65,000 லிட்டர். இடைவெளி 6,48,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரியில் தினமும் 54 நடை. குழாயில் கடைசித் தெருவுக்கு ஏன் தண்ணீர் ஏறவில்லை என்பதற்குக் கடிதத்தின் இரண்டாவது வரியே விடை சொல்லிவிடும்.

அதற்காக 2011 எண்ணைத் தூக்கி எறியவும் முடியாது. வார்டுகளை வகுத்தது அந்த எண்ணை வைத்துத்தான். எந்த வார்டு பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்படுகிறது என்பதும் அந்தக் கணக்கெடுப்பில் அவர்களின் விகிதத்தைப் பார்த்தே முடிவாகிறது. மாநகராட்சி ஆணையருக்கு எழுதும் சட்டபூர்வமான மனுவில் 14,200 என்று எழுத வேண்டும். குப்பை வண்டி, தண்ணீர், மழைநீர் வடிகால் என்று சேவை கேட்கும் இடத்தில் 19,000க்கான மூன்று கணக்கையும் இணைத்துக் கொடுக்க வேண்டும். வாக்காளர் எண்ணிக்கைக்கு வாக்குச்சாவடியைத் தவிர இன்னொரு இடமும் உண்டு. வார்டைச் சிறு பகுதிகளாகப் பிரித்துக் கூட்டும் பகுதி சபையில் அந்தப் பகுதியின் வாக்காளர்கள்தான் உறுப்பினர். மாடியில் குடியிருக்கும் தென்காசிக் குடும்பம் தண்ணீர்க் கணக்கில் உண்டு, பகுதி சபையில் இல்லை.

சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. அவர் இன்னும் இந்தியக் குடிமகன் என்றால், ஊரில் வசிக்கும் சாதாரண வாக்காளராக நீடிக்காமல் படிவம் 6ஏ கொடுத்து வெளிநாட்டு வாக்காளராகப் பதிய வேண்டும். ஓட்டுப் போட நேரில்தான் போக வேண்டும். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால் பெயர் பட்டியலில் இருக்கவே கூடாது, படிவம் 7 கொடுத்து நீக்க வேண்டும்.

## அடுத்த கடிதத்தில் என்ன மாறும்

2025 இறுதியில் தமிழ்நாட்டில் நடந்த வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், டிசம்பர் 19ஆம் தேதி வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பழைய பெயர்கள் இடம்பெறவில்லை. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரண்டு இடத்தில் பதிந்தவர்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. ஆகவே வாக்காளர் எண்ணிக்கை பல நகர வார்டுகளில் இறங்கும். அதைப் பார்த்து "எங்க வார்டுல ஆளே குறைஞ்சுட்டாங்களா" என்று கேட்கக் கூடாது.

மக்கள்தொகை எண் அவ்வளவு சீக்கிரம் மாறாது. அடுத்த கணக்கெடுப்பின் நிலவர நாள் 2027 மார்ச் 1. 2022 மார்ச்சில் பதவியேற்ற கவுன்சிலர்களின் ஐந்தாண்டு முடிவதும் அதே மாதம்தான். எண்ணி முடித்தாலும் வார்டு வாரியான அட்டவணை கைக்கு வர நாள் பிடிக்கும். 37ஆவது வார்டின் அடுத்த கவுன்சிலருக்கு வரும் முதல் கடிதத்திலும் 14,200 என்றே இருந்தால், அடைப்புக்குள் இருக்கும் ஆண்டை முதலில் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் கேள்வி கேட்கலாம்.